தூணில் நிழல் எங்கே விழுகிறது: பம்ப், நார்மல், டிஸ்பிளேஸ்மென்ட்

ஆழமாகச் செதுக்கிய கற்றூணை ரெண்டரில் காட்ட மூன்று வழிகள் உண்டு. பம்ப் மேப், நார்மல் மேப், உண்மையான டிஸ்பிளேஸ்மென்ட். இவற்றில் எதை எங்கே வைப்பது என்று கேட்டால் பெரும்பாலோர் தூரத்தை வைத்துப் பதில் சொல்வார்கள்: கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பதற்கு டிஸ்பிளேஸ்மென்ட், நடுவில் நார்மல், தொலைவில் பம்ப். செங்கல் சுவருக்கும் தரை ஓட்டுக்கும் இந்த விதி போதும். கோயில் தூணுக்கு இது பாதிதான் பொருந்தும். செதுக்கலின் ஆழம் விரல் கணுவைத் தாண்டி உள்ளங்கை அளவை நெருங்கும்போது, கண் முதலில் படிப்பது விளிம்பை அல்ல, நிழலை. அந்த நிழல் எவ்வளவு நீளம் விழுகிறது என்பதைத் தீர்மானிப்பது கேமராவின் தூரம் அல்ல, வெயில் தூணின் முகத்தைத் தொடும் கோணம். ஆகவே கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த முகத்தில் விழும் நிழல் படத்தில் எத்தனை பிக்சல் என்பதே. இரண்டாவது கேள்வி, இந்தச் செதுக்கலை ஒரு புள்ளிக்கு ஒரு ஆழம் என்று எழுதிவிட முடியுமா என்பது. இந்த அத்தியாயம் முழுவதும் இந்த இரண்டு கேள்விகளைத்தான் பின்தொடர்கிறது.

சோதித்துப் பார்க்கச் சேலம் வட்டாரத்தில் தாரமங்கலத்தைவிட நல்ல இடம் இல்லை. ஓமலூருக்கு அருகே உள்ள கைலாசநாதர் கோயிலை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர்கள் கெட்டி முதலிகள். சிற்ப வேலையின் உச்சம் 17-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள மண்டபத் தூண்களில் எல்லா ஆழமும் ஒரே கல்லில் கிடைக்கின்றன. சதுரத்தின் முகங்களில் புடைப்புச் சிற்பம், நாகபந்தத்திலும் மாலைத்தொங்கலிலும் நுண்வேலை, பட்டைகளில் உளி ஓடிய தடம், முன்பக்கம் பாய்ந்து நிற்கும் உருவங்கள், மேலே பலகையும் போதிகையும். ஒரே தூணுக்கு ஒரே முறை என்று முடிவு செய்துகொண்டு உட்காருபவருக்கு இந்தத் தூண் எங்கேயாவது ஓரிடத்தில் கட்டாயம் கைவிரித்துவிடும்.

மூன்று முறைகளும் உள்ளே என்ன செய்கின்றன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ஜிம் பிளின் 1978-இல் முன்வைத்த பம்ப் முறையில் ஒரு கறுப்பு வெள்ளைப் படம் இருக்கும். அதில் வெளுப்பு கூடும் வேகத்தைப் பார்த்து, ‘இந்த இடத்தில் பரப்பு இப்படிச் சாய்ந்திருக்கிறது’ என்று ரெண்டரர் பாவித்துக்கொள்ளும். நார்மல் மேப்பில் அந்தச் சாய்வே சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாக நேரடியாக எழுதப்பட்டிருக்கும். சாய்வே இல்லாத இடம் 128, 128, 255 என்ற ஊதா கலந்த நீலம். இரண்டிலும் பரப்பு நகர்வதில்லை. சமதளம் சமதளமாகவே இருக்கும், ஒளி பட்டுத் திரும்பும் கணக்கு மட்டும் மாறும். ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் கறுப்பதை நிழல் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். அது சாய்வினால் வந்த மங்கலே தவிர, ஒரு உருவம் இன்னொன்றின் மேல் வீழ்த்திய நிழல் அல்ல. தூணில் செதுக்கிய இராமனின் கை அவன் இடுப்பின் மேல் நிழல் போடாது, வில்லின் வளைவு பின்னணிக் கல்லின் மேல் கோடாக விழாது. ராபர்ட் குக் 1984-இல் எழுதிய டிஸ்பிளேஸ்மென்ட் முறைதான் பரப்பையே நகர்த்துகிறது. நகர்த்துவதற்கு முன் பரப்பைச் சிறு சிறு கட்டங்களாக வெட்டியாக வேண்டும். அந்த வெட்டுக்குப் பெயர்தான் டெஸலேஷன். கட்டம் பெரிதாக இருந்தால் நகர்த்தினாலும் பயனில்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுதான் வரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே வரும் தூண் கணக்குக்காக எடுத்துக்கொண்ட மாதிரி. அதன் அளவுகள் தாரமங்கலத்தில் அளந்தவை அல்ல. சதுரத்தின் முகம் 60 செ.மீ. அகலம், தூண் 3.5 மீட்டர் உயரம், புடைப்புச் சிற்பத்தின் ஆழம் 4 செ.மீ., உளித்தடம் 2 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். படம் 3000 பிக்சல் அகலம், லென்ஸ் 24 மி.மீ., சென்ஸார் 36 மி.மீ. பார்வைக்கு நேராக இருக்கும் ஒரு நீளம் படத்தில் எத்தனை பிக்சல் ஆகும் என்பதற்கு ஒரு வரி போதும்:

```
px = L × W × f / (s × D)
```

இதில் L நாம் அளக்கும் நீளம், W படத்தின் அகலம் பிக்சலில், f லென்ஸ், s சென்ஸார், D தூரம். W தவிர மற்ற எல்லாம் மி.மீ. கணக்கில். தூண் 3 மீட்டரில் இருந்தால் ஒரு மி.மீ.க்கு 0.67 பிக்சல் கிடைக்கும். 20 மீட்டரில் 0.1 பிக்சல்தான். ஆக 4 செ.மீ. ஆழம் பக்கத்தில் 27 பிக்சல், தூரத்தில் 4 பிக்சல். உளித்தடம் பக்கத்தில் ஒரு பிக்சலுக்குச் சற்று மேல், தூரத்தில் இல்லவே இல்லை. இதோடு நிறுத்திக்கொள்பவர், தூரத்துத் தூணில் 4 பிக்சல்தானே, நார்மல் மேப் போதும் என்று முடிவு கட்டிவிடுவார். தூரத்தை மட்டும் பார்க்கும் விதி சறுக்குவது இந்த இடத்தில்தான்.

கோயில் மேற்கு நோக்கியது. மாசி மாதத்தில் சில நாள் மாலை வெயில் கருவறை வரை போகும் என்று ஊரில் சொல்வார்கள். பிப்ரவரிக் கடைசியில், சேலத்தின் அட்சரேகையில், சூரியன் அடிவானத்துக்கு 15 டிகிரி மேலே நிற்கும் நேரத்தில் அது நேர் மேற்கிலிருந்து ஏறக்குறைய 13 டிகிரி தெற்கே ஒதுங்கியிருக்கும். தூணின் மேற்கு முகத்துக்கு இந்த வெயில் கிட்டத்தட்ட நேராக வருகிறது. முகத்துக்குச் செங்குத்தான திசையிலிருந்து 20 டிகிரி மட்டுமே சாய்வு. 4 செ.மீ. புடைப்பு அங்கே போடும் நிழல் ஒன்றரை செ.மீ. அளவுதான். அதே தூணின் தெற்கு முகத்தை வெயில் உரசிக்கொண்டு போகிறது. முகத்துக்கும் கதிருக்கும் இடையே வெறும் 12 டிகிரி. அங்கே அதே 4 செ.மீ. புடைப்பு ஏறத்தாழ 18 செ.மீ. நீளத்துக்கு நிழலை இழுத்துப் போடுகிறது. தெற்கு முகத்தை நேராகப் பார்க்கும் கேமராவில் அந்த நிழல் 3 மீட்டரில் 120 பிக்சல், 20 மீட்டரிலும் 18 பிக்சல். விளிம்பில் 4 பிக்சலாகச் சுருங்கிய ஆழம், நிழலில் 18 பிக்சலாக நிற்கிறது. அறுபது செ.மீ. முகத்தில் 18 செ.மீ. என்பது கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. அந்த அளவு இருட்டு வர வேண்டிய இடத்தில் வராவிட்டால், காரணம் சொல்லத் தெரியாதவர்கூட ‘கல் மாதிரி இல்லை, ஒட்டின காகிதம் மாதிரி இருக்கு’ என்பார்.

ஆக ஒரே தூணின் இரண்டு முகங்கள், ஒரே தூரம், ஒரே நேரம். மேற்கு முகத்துக்கு 20 மீட்டரில் நார்மல் மேப் தாராளமாகப் போதும், தெற்கு முகத்துக்குப் போதாது. நடைமுறையில் முகத்துக்கு முகம் மெட்டீரியலை மாற்றுவது வீண் வேலை. எந்த முகத்தில் நிழல் அதிகமோ அந்த முகத்தை வைத்துத் தூணுக்கு முறையைத் தேர்ந்துகொள்ள வேண்டும். கேமராவை வைத்து முடிவு செய்வதற்கு முன் சூரியனை வைத்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். நண்பகல் காட்சிக்கு நார்மல் மேப்பில் ஒப்புதல் வாங்கிவிட்டுப் பிறகு மாலைக் காட்சிக்கு விளக்கை மட்டும் மாற்றுபவர்களின் தூண்கள் தட்டையாகிப் போவதற்கும் இதுவே காரணம்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. மண்டபத்துக்குள் நேர் வெயில் எத்தனை நேரம் வருகிறது? பெரும்பாலும் வெளியிலிருந்து கசிந்து வரும் வெளிச்சமும் தரையில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும்தானே? அப்படியானால் செதுக்கல் பள்ளங்களின் இருட்டைத் தனியாக ஒரு படமாக பேக் செய்து, அதாவது ஏ.ஓ. மேப்பாக எடுத்து, கல்லின் நிறத்தோடு பெருக்கிவிட்டால் நார்மல் மேப்பே போதுமே என்பது அந்த மறுப்பு. உள்வரிசைத் தூண்களுக்கு இது சரியான யோசனை. நானும் அதையே சொல்வேன். ஆனால் அந்த இருட்டு எல்லாத் திசையிலிருந்தும் சமமாக வெளிச்சம் வந்தால் என்ன ஆகும் என்ற கணக்கு. மண்டபத்தில் வெளிச்சம் சமமாக வருவதில்லை. ஒரு பக்கம் திறந்த முற்றம், மறுபக்கம் இருண்ட கருவறை. உண்மைத் தூணில் பள்ளங்கள் கருவறைப் பக்கம் கறுத்து, முற்றத்துப் பக்கம் வெளுத்திருக்கும். பேக் செய்த படத்தில் இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு. வெளிவரிசைத் தூணில் இதைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். நேர் வெயில் பட்டுப் பளிச்சென்று இருக்க வேண்டிய பள்ளம்கூட அழுக்குப் படிந்ததுபோல் நிற்கும். ஆக உள்வரிசைக்கு ஒப்புக்கொள்ளலாம், வெயில் தொடும் வரிசைக்கு ஒப்புக்கொள்ள முடியாது.

வெயில் தொடும் வரிசையின் சதுரத்துக்கு டிஸ்பிளேஸ்மென்ட் என்று முடிவானதும், பிளெண்டரின் சைக்கிள்ஸில் அதைச் செய்யும் முறையைப் பார்க்கலாம். மெட்டீரியல் அமைப்பில் `Displacement` என்ற தேர்வு `Bump Only` என்று இருந்தால், என்னதான் நோடுகளை இணைத்தாலும் பரப்பு நகராது. பலர் மணிக்கணக்கில் தேடுவது இந்த ஒரு வரியைத்தான். அதை `Displacement and Bump` ஆக்க வேண்டும். பொருளுக்கு சப்டிவிஷன் மாடிஃபையர் போட்டு, வகையை `Simple` என்று வைத்து, `Adaptive Subdivision` ஐ இயக்க வேண்டும். பழைய பதிப்புகளில் இதற்கு `Feature Set` ஐ `Experimental` ஆக மாற்ற வேண்டியிருக்கும். வழக்கமான `Catmull-Clark` வகை சதுரத்தின் மூலைகளை உருட்டிவிடும். உயரப் படத்தின் நிற அமைப்பு `Non-Color`. எவ்வளவு வெட்டுவது என்பதை `Dicing Rate` பிக்சல் கணக்கில் சொல்கிறது; ரெண்டருக்கு 1 என்பது ஒரு பிக்சலுக்கு ஏறத்தாழ ஒரு கட்டம்.

அடுத்து `Midlevel` எண். அது 0.5 என்று வரும். பலர் அதைத் தொடுவதே இல்லை. அப்படியே விட்டால் பாதிச் சிற்பம் கல்லுக்கு வெளியே துருத்தும், பாதி உள்ளே போகும். தளத்தில் அளந்த 60 செ.மீ. எங்கே போனது என்று தெரியாது, பக்கத்தில் வைத்த போதிகையோடு தூண் பொருந்தாது. சிற்பி கல்லை வைத்துத்தான் தொடங்குகிறார். கல்லின் வெளிமுகமே எல்லை, உளி அதிலிருந்து உள்ளேதான் போகிறது. ரெண்டரிலும் அந்த வழியே செல்வது நல்லது. உயரப் படத்தில் முழு வெண்மை கல்லின் வெளிமுகம், முழுக் கறுப்பு மிக ஆழமான பள்ளம். `Midlevel` 1, `Scale` 0.04. நகர்வு இப்படித்தான் கணக்காகிறது:

```
offset = (height - midlevel) × scale
```

இப்போது வெண்மை நகராது, கறுப்பு 4 செ.மீ. உள்ளே போகும், அளந்த அளவு அப்படியே நிற்கும். பொருளின் அளவு மாற்றம் `Scale` 1 ஆக இருக்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். இல்லாவிட்டால் 4 செ.மீ. என்று எழுதியது 4 செ.மீ. ஆக இராது.

படத்தின் பிட் ஆழமும் இங்கே முக்கியம். 8 பிட் படத்தில் 256 படிகள்தான். 4 செ.மீ. ஆழத்தில் ஒரு படி 0.16 மி.மீ.; கேட்டால் அற்பம் என்று தோன்றும். தேவியின் கன்னம், யானையின் மத்தகம் போன்ற மெல்லச் சரியும் பரப்பில், அந்த உரசும் மாலை வெயிலில், ஒவ்வொரு படியும் ஒரு வரப்பாகத் தெரிந்துவிடும். மலைச்சரிவில் வெட்டிய படிக்கட்டு வயல்போல வரிவரியாக வந்தால், அது கல்லின் குணம் அல்ல, 8 பிட்டின் குணம். 16 பிட் பி.என்.ஜி. அல்லது இ.எக்ஸ்.ஆர். எடுத்தால் போய்விடும். ஜே.பி.ஜி.யை உயரப் படமாக எடுக்கவே கூடாது. அதன் சதுரச் சதுரக் கலங்கல் கல்லில் தழும்பாக ஏறிவிடும்.

மூலைகள் இன்னொரு சிக்கல். சதுரத்தின் இரண்டு முகங்கள் சேரும் விளிம்பில், ஒவ்வொரு முகமும் தன் திசையில் நகர்ந்தால் நடுவே கீறல் விழும். கீறல் வழியே வானம் தெரியும். இதற்குச் சிக்கலான தீர்வு தேட வேண்டாம், தூணே விடை வைத்திருக்கிறது. பெரும்பாலான சதுரங்களில் சிற்பத்தைச் சுற்றி ஒரு சட்டம் செதுக்காமல் விடப்பட்டிருக்கும். உயரப் படத்தில் அந்தச் சட்டத்தை முழு வெண்மையாக வைத்துவிட்டால் மூலையில் நகர்வே இல்லை, கீறலும் இல்லை. சட்டம் இல்லாத இடங்களில் விளிம்பை மெல்ல பெவல் செய்து, ஸ்மூத் ஷேடிங் கொடுக்க வேண்டும். எட்டுப்பட்டைக்கும் பதினாறு பட்டைக்கும் பட்டைகளை மெஷ்ஷாகவே வெட்டிக்கொள்வதுதான் நல்லது. அவற்றைப் படத்திலிருந்து எழுப்பப் பார்ப்பது கூர்மையை இழப்பதில்தான் முடியும்.

அடுத்து பலருக்கும் புரியாமல் போகும் ஒன்று. சைக்கிள்ஸ் பரப்பை வெட்டுவது நகர்த்துவதற்கு முன்பு. 3 மீட்டரில் ஒரு பிக்சல் ஒன்றரை மி.மீ. என்றால், கட்டங்களும் ஒன்றரை மி.மீ. அளவில் சமமாக வெட்டப்படும். பிறகு உயரப் படத்தில் வெண்மையிலிருந்து கறுப்புக்கு ஒரே பிக்சலில் தாவும் இடத்தில், ஒரே ஒரு கட்டம் ஒன்றரை மி.மீ. அகலமும் 4 செ.மீ. ஆழமுமாக இழுபடும். செதுக்கலின் பக்கச்சுவர் முழுவதும் அந்த ஒற்றைக் கட்டம்தான். அங்கே கல்லின் நிறம் நெட்டுக்கோடாக இழுபட்டு, சுவர் பிளாஸ்டிக்போல் வழவழக்கும். அறிகுறி அதுதான்: உருவத்தின் முகம் கல்லாகவும் ஓரம் நாடாவாகவும் தெரிவது. `Dicing Rate` ஐக் குறைத்துப் பார்ப்பவர்கள் நினைவகத்தைத் தின்ன வைப்பதைத் தவிர வேறு பயன் காண்பதில்லை. செய்ய வேண்டியது, உயரப் படத்தில் அந்தச் சுவரைச் சற்றுச் சாய்த்து, தாவலைச் சில பிக்சலுக்குப் பரப்புவது. கல்லிலும் சுவர் செங்குத்தாக இருப்பது அரிது என்பதால் இது பொய்யும் அல்ல. கல்லின் நிறப் படத்தை யூவி வழியே ஒட்டாமல், `Box` முறையில் மூன்று திசையிலிருந்தும் பாய்ச்சினால் கோடுகளும் மறையும்.

இனி நுண்வேலைக்கு வருவோம். உளித்தடத்தையும் டிஸ்பிளேஸ்மென்டிலேயே சேர்த்துவிடலாமே, எல்லாம் ஒரே படத்தில் இருந்தால் என்ன என்று கேட்கலாம். கணக்கு போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடும். தூணின் சுற்றளவு 2.4 மீட்டர், உயரம் 3.5 மீட்டர்; பரப்பு 8.4 சதுர மீட்டர். 4 செ.மீ. ஆழமுள்ள உருவங்களை நம்பும்படி காட்ட 5 மி.மீ. கட்டம் போதும் என்றால் தூணுக்கு 3,36,000 கட்டங்கள். 2 மி.மீ. உளித்தடத்தைப் பிடிக்க 1 மி.மீ. கட்டம் வேண்டும் என்றால் 84 லட்சம். ஒரு வரிசையில் பத்துத் தூண் நிறுத்தினால் எட்டரைக் கோடியை நெருங்கிவிடும். உளித்தடம் போடும் நிழலோ, அந்த 12 டிகிரி வெயிலிலும், 20 மீட்டரில் ஒரு பிக்சலைத் தாண்டாது. ஆகவே ஆழத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும். நிழல் போடக்கூடியது டிஸ்பிளேஸ்மென்டுக்கு, ஒளியை மட்டும் கலைக்கக்கூடியது பம்ப்புக்கு. பம்ப் என்றாலே ஏமாற்று என்று ஒதுக்குபவர்கள் உண்டு. இந்த இடத்தில் அதைவிடச் சிக்கனமான கருவி கிடையாது. கட்டத்தின் அளவுக்குக் கீழே இருப்பதை பம்ப்பாகப் பார்த்துக்கொள்ளும் வேலையைத்தான் `Displacement and Bump` தானாகச் செய்கிறது.

நார்மல் மேப்பைச் சேர்க்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. ஸ்கேன் செய்த முழுத் தூணிலிருந்து வெறும் சதுரக் கட்டைக்கு பேக் செய்த நார்மல் மேப்பில் சிற்பம் முழுவதும் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும். அதே சிற்பத்தை டிஸ்பிளேஸ்மென்டும் நகர்த்தினால் சாய்வு இரண்டு முறை கணக்காகும். முகங்கள் கடுகடுவென்று தெரியும், மூக்கின் ஒரு பக்கம் மை பூசியதுபோல் கறுக்கும். பார்ப்பவர் விளக்கைக் குறைப்பார், அப்படியும் சரியாகாது. கண்டுபிடிக்க எளிய வழி, நார்மல் மேப்பின் இணைப்பை மட்டும் எடுத்துவிட்டு ஒரு சிறு ரெண்டர் எடுப்பது. உருவம் அப்படியே இருந்து கடுமை மட்டும் போனால் இரட்டைக் கணக்குதான். தீர்வு, நார்மல் மேப்பை வெறும் கட்டையின் மேல் பேக் செய்யாமல், ஏற்கெனவே நகர்த்தப்பட்ட மெஷ்ஷின் மேல் பேக் செய்வது. அப்போது டிஸ்பிளேஸ்மென்ட் பிடிக்காமல் விட்டது மட்டுமே அதில் தங்கும். இதோடு பச்சைச் சேனலையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். பிளெண்டர் ஓபன்ஜிஎல் மரபைப் பின்பற்றுகிறது. டைரக்ட்எக்ஸ் மரபில் வந்த படத்தை அப்படியே போட்டால் கிடைக்கோடுகளில் மேடு பள்ளமாகும், பள்ளம் மேடாகும். நெடுங்கோடுகள் சரியாகவே இருக்கும். பாதி சரியாக இருப்பதால்தான் இது கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இதுவரை சொன்னது எல்லாம் முதல் கேள்வியைச் சேர்ந்தது. இரண்டாவது கேள்வியில் டிஸ்பிளேஸ்மென்டே தோற்கும். உயரப் படம் ஒரு புள்ளிக்கு ஒரே ஆழத்தைத்தான் சொல்லும். நாமக்கல் மலைக் குடைவரையில் உள்ள நரசிம்மர், வராகர், திரிவிக்கிரமர் போன்ற பெரும் புடைப்புகளை நேர் முன்னிருந்து காட்ட இது ஓரளவு தாங்கும். அவை பாறைச் சுவரிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டி நிற்பவை. தாரமங்கலத் தூணின் முன்பக்கம் பாயும் உருவங்கள் அப்படி அல்ல. தூக்கிய முன்னங்காலுக்கும் தூணுக்கும் நடுவே காற்று இருக்கிறது. அங்கே ஒரே புள்ளியில் கால், வெளி, தூண் என்று மூன்று ஆழங்கள். உயரப் படம் முதலாவதை மட்டும் எழுதி, மீதியைக் கல்லால் அடைத்துவிடும். விளைவு, மாவில் அமுக்கி எடுத்த அச்சுபோல ஒரு குதிரை. வெக்டார் டிஸ்பிளேஸ்மென்ட் மூன்று திசையிலும் நகர்த்தும் என்பதால் காதின் மடிப்பு, உதட்டின் உட்புறம் போன்ற உள்வளைவுகளுக்கு உதவும். ஆனால் அதுவும் இருக்கும் பரப்பைத்தான் இழுக்கிறது, புதிய துளையைப் போடாது.

இந்த எல்லையை அந்தக் கோயிலே இரண்டு வேலைகளில் காட்டுகிறது. சிங்கத்தின் வாய்க்குள் உருளும் கல் உருண்டை. பல்லுக்கு வெளியே எடுக்க முடியாது. ஒன்றோடொன்று கோத்துத் தொங்கும் கல் சங்கிலி. உருண்டை சிங்கத்தோடு எங்கும் ஒட்டியிருக்கவில்லை. ஒட்டாத ஒன்றை ஒட்டிய பரப்பிலிருந்து இழுத்து எடுக்க எந்த டிஸ்பிளேஸ்மென்டாலும் ஆகாது. வாலி சுக்கிரீவன் தூணும் அப்படியே. இராமன் நிற்கும் தூணிலிருந்து பார்த்தால் வாலி தெரிவதும், வாலி தூணிலிருந்து பார்த்தால் இராமன் தெரியாததும் அங்கே வருவோர் எல்லோருக்கும் காட்டப்படும் விஷயம். அதை ரெண்டரில் காட்ட வேண்டுமானால் இடையில் மறைக்கும் கல்லுக்கு உண்மையான பருமன் இருக்க வேண்டும். கட்டையின் மேல் படம் ஒட்டியிருந்தால் பார்வைக் கோடு தவறான இடத்தில் திறக்கும். இவற்றுக்கெல்லாம் மெஷ்தான் வழி. போட்டோகிராமெட்ரியில் எடுத்து, ரீடோபாலஜி செய்து, அந்த மெஷ்ஷின் மேல் உளித்தடத்துக்கு நார்மல் மேப் மட்டும் போட வேண்டும். டிஸ்பிளேஸ்மென்ட் அங்கே வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் ஸ்கேன் மெஷ்ஷாகவே வைத்துக்கொண்டால் இந்தப் பிரிவினையே தேவைப்படாதே என்பது கடைசி மறுப்பு. அன்ரியல் எஞ்சினின் நானைட் வந்த பிறகு இது வெறும் வாதம் அல்ல, பல இடங்களில் நடைமுறை. கோடிக்கணக்கான முக்கோணங்களையும் அது தூரத்துக்கேற்ப எளிமையாக்கிக் காட்டுகிறது. இருக்கும் கோயிலை இருப்பதுபோல் நடந்து பார்க்க வைக்கும் வேலை என்றால் அந்த வழியே செல்லலாம். கட்டட வரைகலையில் வரும் வேலை பெரும்பாலும் அப்படி இருப்பதில்லை. சதுரத்தின் சிற்பம் இன்னும் முடிவாகாமல் இருக்கும், ஸ்தபதி ஆழத்தை 3 செ.மீ. ஆக்கலாமா 5 ஆக்கலாமா என்று கேட்பார், வரிசையில் ஒவ்வொரு தூணிலும் வெவ்வேறு உருவம் வரும். உயரப் படம் இருந்தால் `Scale` இல் ஒரு எண்ணை மாற்றினால் போதும். மெஷ்ஷாக இருந்தால் மறுபடி செதுக்க வேண்டும். ரியல்டைமில் சிலர் பயன்படுத்தும் பேரலாக்ஸ் அக்லூஷன் முறை, முகத்துக்குள் ஆழம் நகர்வதையும் உள்நிழலையும் ஓரளவு காட்டும். விளிம்பு மட்டும் நேர்கோடாகவே நிற்கும் என்பதால், வானத்தை அல்லது வெளிச்சமான முற்றத்தைப் பின்னணியாகக் கொண்ட தூண்களுக்கு அது ஒத்துவராது.

நடந்துபோகும் காட்சியாக அனிமேஷன் எடுக்கும்போது இன்னொன்று நடக்கும். கேமரா நகர நகர அடாப்டிவ் வெட்டு ஒவ்வொரு ஃபிரேமிலும் புதிதாகக் கணக்காகும். சிற்பத்தின் ஓரங்கள் எறும்பு ஊர்வதுபோல் நெளியும். சாம்பிள் எண்ணிக்கையைக் கூட்டினால் இது போகாது. சைக்கிள்ஸின் சப்டிவிஷன் அமைப்பில் `Dicing Camera` என்ற இடத்தில் அசையாத ஒரு தனிக் கேமராவைக் கொடுத்துவிட்டால் வெட்டு உறைந்துவிடும். அந்தக் கேமராவைப் பாதையில் தூண்களுக்கு மிக நெருங்கி வரும் இடத்தில் நிறுத்த வேண்டும். தொடக்கப் புள்ளியில் நிறுத்தினால், அருகே வரும்போது தேவியின் முகம் பட்டை பட்டையாகத் தெரியும். பாதை நீளமாக இருந்தால் ஒரு கேமரா எல்லாத் தூண்களுக்கும் போதாது. காட்சியை இரண்டு மூன்று துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் தனி வெட்டுக் கேமரா வைத்து, தூண் திரையை மறைக்கும் ஃபிரேமில் துண்டுகளை இணைப்பதே பாதுகாப்பு.